ஊறுகாய்ப் போத்தலைப் படத்தில் எந்த இடத்தில் கழுவுவது? ஒரே கதை, மூன்று திரைக்கதைகள்

சிங்கப்பூரில் எங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் திரை கட்டிப் போட்டுக் காட்ட ஆறு நிமிடக் குறும்படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். குப்பையைப் பிரித்துப் போடுவது பற்றி, கொஞ்சம் கதை, கொஞ்சம் செய்முறை. ஒரே கதையை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அக்கம்பக்கத்தாரிடம் வாசித்துப் பார்த்தேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கதைக்கு முந்தைய ஒரு விஷயம். தமிழில் இந்தப் படம் எழுத உட்கார்ந்தாலே கை தானாக ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று எழுதிவிடும். தமிழ்நாட்டில் அது சரி. இந்தியாவின் 2016 திடக்கழிவு விதிகளே வீட்டில் மக்குவது, மக்காதது, அபாயமானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. இங்கே வீவக வீட்டில் அந்தப் பிரிவினையே கிடையாது. மிச்சச் சோறும் வாழைப்பழத் தோலும் குப்பைக் குழாயில் போய், எரிஆலையில் எரிந்து, சாம்பல் செமாக்காவ் குப்பை நிலப்பரப்புக்குப் போகிறது (1999இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்). காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கும் மறுபயனீட்டுக்கான ஒரே நீலத் தொட்டிக்குத்தான். வகை பிரிக்கிற வேலை ஆலையில் நடக்கிறது. ஆகவே இங்குள்ள வீட்டுக்காரர் செய்யும் தப்பு வகை மாற்றிப் போடுவது இல்லை, எச்சில் ஈரத்தோடும் எண்ணெயோடும் போடுவதுதான். நீலத் தொட்டியில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு, உணவோ திரவமோ பட்டதாலும் சேரக்கூடாத பொருள் சேர்ந்ததாலும் வீணாகிறது. படம் சொல்ல வேண்டியது அந்த ஒன்றைத்தான். மூன்று வண்ணத் தொட்டிகளை வரிசையாக வைத்து ஒரு காட்சி எழுதினால் அது வேறு ஊர்ப் படம் ஆகிவிடும்.

அப்புறம் எந்தப் பொருளைக் காட்டுவது? குளிர்பானப் போத்தல்தான் முதலில் தோன்றியது. ஆனால் 2026 ஏப்ரல் முதல் 150 மில்லிலிட்டரிலிருந்து 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பானப் போத்தலுக்கும் கேனுக்கும் 10 காசு வைப்புத்தொகைத் திட்டம். காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்க வேண்டிய பொருளை நீலத் தொட்டியில் போடுவதாகக் காட்டினால் பார்ப்பவர் குழம்புவார். பபிள் டீ கோப்பை இளையர்களுக்குப் பழக்கம், ஆனால் அதைக் கழுவுவதில் பெரிதாகக் காட்ட ஒன்றுமில்லை, ஊற்றி அலசினால் முடிந்தது. கடைசியில் ஊறுகாய்ப் போத்தல் என்று முடிவு செய்தேன். கண்ணாடி என்பதால் வைப்புத்தொகைச் சிக்கல் இல்லை, நம் வீட்டில் கட்டாயம் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அதில் எண்ணெய் இருக்கிறது. செய்தித்தாளில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விழுந்தால் என்ன ஆகும் என்று கேமராவை நெருக்கமாக வைத்துப் பாருங்கள். காகிதம் மெல்ல மெல்லக் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்து இடவலம் மாறித் தெரிய ஆரம்பிக்கும். காகிதத்தைத் தண்ணீரில் கூழாக்கித்தான் மறுபடி காகிதம் செய்கிறார்கள், நாரில் ஊறிய எண்ணெய் தண்ணீரோடு போவதில்லை. இதை வசனத்தில் விளக்கவே தேவையில்லை, அந்தக் கறை விரிவதைப் பார்த்தாலே புரிகிறது.

கதை இதுதான். பாட்டி மூன்று மாதத் தமிழ் முரசு தாள்களை அடுக்கி ராஃபியா கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். பேரன் அந்தக் கட்டையும், அடியில் எண்ணெய் தேங்கிய ஊறுகாய்ப் போத்தலையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு கீழே போகிறான். மின்தூக்கியை விட்டு வெளியே வரும்போது பாட்டி தொலைபேசியில் கூப்பிடுகிறார்: “ராசா, தாத்தா படம் வந்த பக்கம் அதுல மாட்டிக்கிச்சு, எடுத்துட்டு வா.” கட்டைப் பிரிக்கிறான். போத்தல் மூடி சரியாக மூடவில்லை. தாத்தாவின் முகத்தில் எண்ணெய்.

(முதல் வரைவில் அவன் தொட்டிக்குள் கை விட்டுத் தேடுவதாக இருந்தது. சிறுவர்கள் பார்க்கிற படத்தில் அது வேண்டாம் என்று மாற்றினேன்.)

சரி, இனி கேள்வி ஒன்றே ஒன்று. கழுவிக் காட்டும் செய்முறை எங்கே வர வேண்டும்?

முதல் வடிவம்: கதை நாலு நிமிடம், முடிந்ததும் தொகுப்பாளர் ஒருவர் வந்து இரண்டு நிமிடம் விளக்குவார். எழுதவும் சுலபம், எடுக்கவும் சுலபம். கதையை ஒரு நாள், செய்முறையை இன்னொரு நாள் எடுக்கலாம், விதி மாறினால் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் மாற்றலாம். இந்த வசதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டி அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கியதுமே கேட்பவர்களுக்குப் படம் முடிந்துவிட்டது. நான் வாசிக்கும்போதே அது தெரிந்தது, தொகுப்பாளர் பகுதிக்கு வந்ததும் ஒருவர் கைப்பேசியை எடுத்தார், இன்னொருவர் “நல்லா இருந்துச்சு” என்று பாராட்டவே ஆரம்பித்துவிட்டார். கீழ்த்தளத் திரையிடல் திறந்த வெளி, நாற்காலியை நகர்த்திக்கொண்டு போவதற்கு யாரும் தயங்க மாட்டார்கள்.

இரண்டாவது வடிவம்: கதையை மூன்று இடங்களில் நிறுத்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் 30 வினாடி செய்முறை. பையில் போடும் முன் ஒன்று, மின்தூக்கியில் ஒன்று, கடைசியில் ஒன்று. இதற்கு ஒரு நிஜமான பலன் இருக்கிறது, மூன்று துண்டுகளையும் தனித்தனியாக வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் கதை செத்துவிடுகிறது. போத்தலைக் கழுவ வேண்டும் என்று முதல் நிறுத்தத்திலேயே சொல்லிவிட்ட பிறகு, பேரன் கழுவாமல் பையில் போடும்போது பார்ப்பவருக்கு அவன் மேல் கோபம்தான் வருகிறது, ‘ஐயோ, நாமும் இப்படித்தானே செய்கிறோம்’ என்ற எண்ணம் வருவதில்லை. பதிலை முதலில் கொடுத்துவிட்டுக் கேள்வியைப் பிறகு கேட்பது போல. துண்டுகள் மட்டும் போதும் என்றால் கதையே வேண்டாம், துண்டுகளை மட்டும் எடுங்கள்.

மூன்றாவது வடிவம்: செய்முறை கதைக்குள்ளேயே, அவன் எண்ணெய்ப் பக்கத்தோடு வீட்டுக்குத் திரும்பிய பிறகு, சமையலறைத் தொட்டியடியில். நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான், ஆனால் முதல் முறை எழுதியது சரியாக வரவில்லை. அந்த வரைவின் ஒரு பகுதி:

பாட்டி: நீலத் தொட்டியில் போடும் முன் கண்ணாடிப் போத்தலை அலசி உலர்த்த வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா?
பேரன்: இனிமேல் அப்படியே செய்கிறேன், பாட்டி.

எந்தப் பாட்டி இப்படிப் பேசுவார்? கதைக்குள் செய்முறையை வைக்கும்போது வருகிற நோய் இது, துண்டறிக்கையில் இருக்கும் வாக்கியம் பாத்திரத்தின் வாயில் ஏறிக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு வழி: வசனத்தைச் சத்தமாகப் படித்து, அதை ஒரு சுவரொட்டியில் அப்படியே அச்சடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அது வசனம் இல்லை.

மாற்றி எழுதியபோது வசனத்தையே எடுத்துவிட்டேன். பேரன் அவசரமாகக் குழாயை முழுசாகத் திறந்து போத்தலைக் காட்டுகிறான். எண்ணெய் தண்ணீரோடு வழிந்து கையெல்லாம் வழுக்குகிறது, தொட்டியெல்லாம் மஞ்சள். பாட்டி குழாயை மூடுகிறார். ஒரு டிஷ்யூவை எடுத்துக் கொடுக்கிறார். அவன் உள்ளே விட்டுத் துடைக்கிறான், டிஷ்யூ சிவப்பாக வெளியே வருகிறது, அதைக் குப்பைப் பையில் போடுகிறான் (டிஷ்யூ நீலத் தொட்டிக்குப் போகக்கூடாது, இதையும் சொல்லாமலே காட்டியாகிவிட்டது). பிறகு இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மூடியைத் திருகி ஒரு குலுக்கு, ஊற்றல், கவிழ்த்து வைத்தல். பாட்டி ஒரே வரி சொல்கிறார்: “போதும்டா, அதுல சாப்பிடவா போறோம்?”

அந்த ஒரு வரிக்காக ரொம்ப நேரம் யோசித்தேன். பளபளவென்று கழுவ வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், லேசாக அலசினால் போதும். அதைப் பாட்டி அலட்சியமாகச் சொல்வதில்தான் நம்பிக்கை வருகிறது.

எடுக்கும்போது இந்தப் பகுதியை வெட்டாமல் ஒரே ஷாட்டாக, மேலிருந்து, கைகளை மட்டும் வைத்து எடுக்க வேண்டும் என்று திரைக்கதையிலேயே எழுதினேன். நான் வீட்டில் செய்து பார்த்தபோது துடைப்பதிலிருந்து கவிழ்ப்பது வரை 40 வினாடிக்குள் முடிந்தது. இடையில் வெட்டினால் பார்ப்பவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரியாமல் போய்விடும், அதுதான் அவர்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது. இன்னொரு லாபமும் உண்டு, பேச்சு இல்லாததால் அந்த 40 வினாடிக்கு மலாய், சீன வசனவரி வேண்டாம். எங்கள் தளத்தில் பாதிப் பேர் தமிழ் அறியாதவர்கள்.

இந்த வடிவத்தின் குறையையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பொருளைத்தான் காட்ட முடியும். கழுவினாலும் ஸ்டைரோஃபோம் பெட்டி, உடைந்த பீங்கான், பழைய துணி எல்லாம் நீலத் தொட்டிக்கு ஆகாது என்று சொல்ல இதில் இடமே இல்லை. எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் பிடிவாதமாக இருந்தால் முதல் வடிவத்துக்குத்தான் போக வேண்டும், கதைக்குள் அதைத் திணிக்காதீர்கள். நான் அந்தப் பட்டியலைப் படத்திலிருந்து எடுத்து, திரையிடும் இடத்தில் ஒரு மேசையில் உண்மைப் பொருள்களாகவே வைக்கச் சொன்னேன்.

மூன்று வாசிப்புக்கும் ஒரே சோதனைதான் வைத்தேன். கேள்வித்தாள் கொடுத்தால் எல்லாரும் சரியான பதிலைத்தான் எழுதுவார்கள். அதனால் வாசித்து முடித்து அரட்டை அடித்துவிட்டு, அரை மணி கழித்து ஒரு தட்டில் ஜாம் ஒட்டிய போத்தல், டிஷ்யூ, குழம்பு பட்ட ஸ்டைரோஃபோம் பெட்டி, பழைய செய்தித்தாள் வைத்து, “இதைக் கொஞ்சம் கீழே போட்டுட்டு வாங்களேன்” என்று கொடுத்தேன். முதல் வடிவம் கேட்டவர்களும் இரண்டாவது கேட்டவர்களும் போத்தலையும் தாளையும் அப்படியே ஒரே பையில் போட்டார்கள். மூன்றாவதைக் கேட்ட நாலு பேரில் மூவர் தட்டோடு நேரே என் சமையலறைக்குள் போனார்கள். அதில் ஒரு அம்மா குழாயைத் தொடும் முன் “டிஷ்யூ எங்கேப்பா?” என்று கேட்டார்.

ஸ்டைரோஃபோம் பெட்டியை மட்டும் மூவருமே கழுவி நீலத் தொட்டிக்கென்று எடுத்து வைத்தார்கள். மேசையில் அதை முன்வரிசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.