7 அணி, ஒரே திடல்: லீக்கா, நாக்அவுட்டா?

நிபோங் திபால் பக்கம் தோட்டத்து கிரிக்கெட் அணிகள் ஏழு சேர்ந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். அணிக்கு 8 ஓவர், ஓர் ஆட்டத்துக்கு 75 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

நாக்அவுட்: 6 ஆட்டம். காலை 8 மணிக்குத் தொடங்கினால் மாலை மூன்றரைக்குள் கோப்பை கொடுத்துவிடலாம், மழை விட்டால்.
லீக்: 21 ஆட்டம். நாளுக்கு 6 ஆட்டம் என்றாலும் நான்கு ஞாயிறு.

மிஞ்சும் அணிதான் உண்மையான தலைவலி. நாக்அவுட்டில் ஒரு அணி விளையாடாமலே அரையிறுதிக்குப் போகிறது. எல்லார் முன்னாலும் சீட்டுக் குலுக்காவிட்டால் சண்டைதான். லீக்கில் அந்த ஓய்வு எல்லாருக்கும் ஒருமுறை வரும். 'ஓய்வு' என்பதை எட்டாவது அணியாக எழுதுங்கள். முதல் சுற்று: 1–ஓய்வு, 2–7, 3–6, 4–5. அப்புறம் ஓய்வை அசைக்காமல் மற்ற எண்களைச் சுற்றினால் ஏழு சுற்றும் தயார். ஓய்விலிருக்கும் அணியே நடுவர் வேலையும் பார்க்கலாம்.

ஆனால் லீக்கில் தோற்ற அணிகள் மூன்றாவது ஞாயிறு வராமல் போவதுண்டு; முன்பணம் வாங்கி வையுங்கள்.

திருவிழாவை ஒட்டி ஒரே நாள் என்றால் நாக்அவுட். திடல் ஒரு மாதம் கிடைத்தால் லீக்.