சான்று இருக்கிறது, இணைப்பு இல்லை: மூன்று மதிப்பெண் முறைகள்

எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒரு கேள்வி: நிறமற்ற நான்கு திரவங்களில் ஏதேனும் இரண்டு ஒரே பொருளா? மாணவர் கையில் இருப்பது இந்த அட்டவணை.

| திரவம் | அடர்த்தி (கி/செ.மீ³) | கொதிநிலை (°செ) | நிறம் | நிறை (கி) |
|---|---|---|---|---|
| அ | 0.79 | 78 | இல்லை | 40 |
| ஆ | 0.79 | 56 | இல்லை | 40 |
| இ | 0.79 | 78 | இல்லை | 15 |
| ஈ | 1.00 | 100 | இல்லை | 40 |

அ, இ இரண்டும் எத்தனால், ஆ அசிட்டோன், ஈ தண்ணீர். பெயர்களை மாணவருக்குச் சொல்வதில்லை.

ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள்: "அ, இ ஒரே பொருள். அ-வின் அடர்த்தி 0.79, இ-யின் அடர்த்தி 0.79. கொதிநிலை இரண்டுக்கும் 78. இரண்டுக்கும் நிறமில்லை. அ-வின் நிறை 40 கிராம், இ-யின் நிறை 15 கிராம்."

முடிவு சரி, எண்களும் சரி. ஆனால் 'அ, ஆ ஒரே பொருள்' என்று ஒருவர் வாதிட்டால் அவரும் இதே போல் பட்டியல் போடலாம்: அடர்த்தி, நிறம், நிறை, மூன்றும் ஒன்றுதான். அ-வும் இ-யும் ஒத்துப்போவதும் மூன்றில்தான். பொருத்தங்களை எண்ணினால் இரு தரப்பும் சமம். எடுத்துக்கொண்ட அளவைப் பொறுத்து நிறை மாறும், கொதிநிலை மாறாது என்ற ஒரு வாக்கியம்தான் வழக்கைத் தீர்க்கிறது. அந்த வாக்கியம் விடைத்தாளில் இல்லை.

இதை எப்படித் திருத்துவது?

முதல் முறை, முழு விடையையும் படித்து ஒட்டுமொத்தமாக ஐந்துக்கு ஒரு மதிப்பெண் போடுவது. வேகமான முறை, ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. காரணம் நமக்குத் தெரியும் என்பதால், 'அடர்த்தி', 'கொதிநிலை' என்ற சொற்களைக் கண்டதும் விடுபட்ட வாக்கியத்தை நம் மனமே நிரப்பிவிடுகிறது. நான்கு போட்டுவிடுவோம். உண்மையில் அந்த நான்கில் ஒரு பங்கு நாம் சம்பாதித்தது.

இரண்டாவது முறை நேர் எதிர்: முடிவோடு இணைக்கப்பட்ட சான்றுக்கு மட்டுமே மதிப்பெண். கண்டிப்பானது, கோட்பாட்டளவில் நியாயமானதும்கூட. ஆனால் வேறொரு மாணவன் அடர்த்தியையும் கொதிநிலையையும் மட்டும் தேர்ந்தெடுத்து, அவனும் இணைக்காமல் விட்டான் என்று வையுங்கள். அட்டவணையை அப்படியே பெயர்த்தெழுதியவளுக்கும் தேர்ந்தெடுத்தவனுக்கும் சான்றுக்குச் சுழியம். இணைக்காத ஒரே குறைக்குச் சான்றிலும் விளக்கத்திலும் என இரண்டு இடத்தில் வெட்டு. இன்னொரு தொல்லை, இரண்டே வாரத்தில் எல்லா வரிக்கும் முன்னால் 'ஏனெனில்' முளைத்துவிடும்.

மூன்றாவது முறை கூற்று, சான்று, காரண விளக்கம் மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 2 வரை தருவது. அமெரிக்காவில் அறிவியல் கல்வி ஆய்வாளர்களான கேத்தரின் மக்நீலும் ஜோசப் கிராய்ச்சிக்கும் வகுத்த அடிப்படை அளவுகோல் இந்த வகைதான். காரண விளக்கத்துக்கான இடைநிலை அதில் கவனிக்கத்தக்கது. "அடர்த்தியும் கொதிநிலையும் ஒன்றாக இருப்பதால் ஒரே பொருள்" என்பது இணைக்கிறது, ஆனால் சான்றைத்தான் திரும்பச் சொல்கிறது, அதற்கு 1. இந்தப் பண்புகள் பொருளைப் பொறுத்தவை, அளவைப் பொறுத்தவை அல்ல என்ற அறிவியல் கருத்தும் சேர்ந்தால் 2.

இந்த முறையில் நம் மாணவிக்குக் கூற்று 2, காரண விளக்கம் 0. சான்றுக்கு 1 தருவேன். பொருத்தமற்ற நிறையையும் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். தேர்ந்தெடுத்த மாணவனுக்கு 2-2-0. இந்த வேறுபாட்டை மற்ற இரண்டு முறைகளும் காட்டுவதில்லை. ஒட்டுமொத்த முறையில் நீளமாக எழுதிய மாணவிக்கே கூடுதலாகக் கிடைத்தாலும் வியப்பில்லை.

எனவே என் தேர்வு மூன்றாவது. இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, மூன்று எண்களையும் கூட்டக் கூடாது. 2-1-0 என்பதைக் கூட்டி ஆறுக்கு மூன்று என்று எழுதினால், குறை எங்கே என்ற செய்தி அழிந்துவிடும்; 'பாதி தெரியும்' என்றுதான் வீட்டில் படிப்பார்கள். இன்னொன்று, கேள்வியிலேயே நிறை போன்ற ஒரு பொறி இருக்க வேண்டும். அடர்த்தியும் கொதிநிலையும் மட்டும் கொடுத்திருந்தால், பெயர்த்தெழுதியவரும் சான்றுக்கு முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்.

கண்டிப்பான முறையைத் தள்ளிவிடவில்லை. இணைத்து எழுதச் சொல்லிக்கொடுத்து, பலமுறை பழகிய பிறகு, ஆண்டிறுதியில் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் அது எழுதுவதையே நிறுத்திவிடும்.

விடைத்தாளின் ஓரத்தில் 'விளக்கம் போதாது' என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன். அதைப் படித்த பிள்ளை நிறத்தைப் பற்றி இன்னொரு வரி சேர்க்கும், அவ்வளவுதான். இப்போது எழுதுவது இது: "நிறை 40, 15 என்கிறாய். இது உன் முடிவுக்கு ஆதரவா, எதிரா? எதிர் என்றால், ஏன் முடிவை மாற்றவில்லை?"