மீசையை வெட்டுவதா, மெழுகு போட்டு ஒதுக்குவதா?

டீ குடித்தால் மீசையும் சேர்ந்து குடிக்கிறதா? உதட்டின் மேல் தொங்கும் முடிதான் காரணம். அதை வெட்டலாம், இல்லை மீசைக்கென்றே விற்கும் மெழுகால் இருபுறமும் ஒதுக்கலாம்.

மெழுகு என்றால் அரிசியளவு போதும். விரலில் தேய்த்து இளக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீவ வேண்டும். காலையில் கம்பீரமாகத்தான் நிற்கும். ஆனால் சூடான பானத்தின் ஆவி பட்டுப் பட்டு, மதியத்துக்குள் இளகி மறுபடி வாய்க்குள் வரும். பிசுபிசுப்பில் உணவுத்துணுக்கும் ஒட்டும். வெறும் தண்ணீருக்கு அது போகாது.

வெட்டுவதே எனக்குச் சரி. முடி காய்ந்த பிறகு கீழ்நோக்கிச் சீவி, வாயைத் தளர்வாக மூடி, மேலுதட்டின் விளிம்போடு கத்தரிக்க வேண்டும். ஈரமுடி நீளமாகத் தெரியும். அப்போது வெட்டினால் காய்ந்ததும் மேலே ஏறிவிடும். எனக்கு ஒருமுறை ஏறியது, சிரிக்கவே கூச்சம்! மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால் பத்து நாளுக்கொரு முறை கத்தரி தேவை.

தாடியில் ஒட்டும் உணவைத் துடைக்க மட்டும் ஈரக் கைக்குட்டை. டிஷ்யூ கிழிந்து உள்ளேயே தங்கும்.