"வேலை முடிந்ததும் மீதி" என்று கொட்டேஷனில் எழுதாதீர்கள்

இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். மரச்சாமான் செய்து விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு நான் கொடுத்த கொட்டேஷன் இரண்டே வரிதான். "பொருள் விவரங்களுடன் இணையதளம் அமைத்துத் தருதல், மொத்தம் இவ்வளவு. பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும்." அந்த இரண்டு வரியில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஐந்து மாதம் பதில் இல்லை. அப்புறம் திடீரென்று அந்த நிறுவனத்துக்காரர், "சரி, ஆரம்பிச்சிடுங்க" என்றார். இடையில் என் கட்டணம் ஏறியிருந்தது. ஆனால் கொட்டேஷனில் கடைசித் தேதி எதுவும் இல்லை. பழைய தொகைக்கே ஒப்புக்கொண்டேன்.

நான் 40 பொருள் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்த பட்டியலில் 340. படங்கள் எல்லாம் பட்டறையில் கைபேசியில் எடுத்தவை. பின்னணியை நீக்கச் சொன்னார், விளக்கமும் எழுதச் சொன்னார். "பொருள் விவரங்களுடன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டபோது வாயடைத்துப் போனேன்.

மீதிப் பணத்தில்தான் உண்மையான ஏமாற்று. தளம் இயங்குகிறது, அதன் வழியாக ஆர்டரும் வருகிறது. பணம் கேட்டால், "இன்னும் முடியலையே" என்று ஒரு புதுத் திருத்தம் சொல்வார். 11 வாரம் இப்படியே ஓடியது. முடிந்ததா இல்லையா என்று சொல்லும் அதிகாரத்தை நானே எழுதி அவர் கையில் கொடுத்திருக்கிறேன்! தளத்தை அவருடைய சர்வருக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டதால் என் கையில் பிடியும் இல்லை. கடைசியில் மீதியில் பாதிக்குச் சமரசம் செய்துகொண்டேன்.

இப்போது எண்ணிக்கை இல்லாமல் எதையும் எழுதுவதில்லை: 6 பக்கம், 40 பொருள் வரை, வடிவமைப்பில் 2 முறை திருத்தம். அதன் கீழே "இதில் சேராதவை" என்று தனியாக ஒரு பகுதி. படம் எடுப்பது, படத்தைச் சரிசெய்வது, விளக்கம் எழுதுவது, டொமைன் மற்றும் ஹோஸ்டிங் கட்டணம், வெளியிட்ட பிறகான பராமரிப்பு எல்லாம் அங்கே வரும். வெறுமனே "சேராது" என்றால் வாடிக்கையாளருக்கு எரிச்சல்தான் வரும். அதனால் கூடுதலாக ஒரு பொருள் சேர்க்க எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். இதைச் செய்த பிறகு பேரம் பேசுவது குறைந்திருக்கிறது.

கொட்டேஷன் எதுவரை செல்லும் என்பதற்கு "30 நாள்" என்று எழுதுவதில்லை. எந்த நாளிலிருந்து என்ற கேள்வி வரும். தேதியையே போடுகிறேன், அதற்குள் முன்பணமும் வந்தால்தான் அந்த விலை.

பணம் மூன்று தவணை: தொடங்கும் முன் 40 சதவீதம், வடிவமைப்பை ஏற்றதும் 40, மிச்சம் 20 அவர்களுடைய சர்வருக்கு மாற்றும் முன். வடிவமைப்பை அனுப்பி 7 நாளில் எழுத்தில் திருத்தம் வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்ற வரியும் உண்டு. அந்த வரியை எடுக்கச் சொன்ன ஒருவருக்கு 10 நாளாக மாற்றிக் கொடுத்தேன், எடுக்கவில்லை.