ரிமோட்டில் கம்ப்யூட்டர் சரிபண்ண வருபவர்களிடம் உஷார்: அத்தையின் 7,500 ரூபாய் போச்சு

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் அத்தையிடம், லேப்டாப் ஸ்லோவாக இருப்பதைச் சரிசெய்கிறேன் என்று ஒருவன் 7,500 ரூபாய் வாங்கிவிட்டான். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஆப் ஒன்றில் புக் பண்ணிய ஆள். கோபம் இன்னும் அடங்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அத்தை அவனை நம்பியதற்குக் காரணம் உண்டு. பொறுமையாக, மரியாதையாகப் பேசியிருக்கிறான். எனிடெஸ்க் என்ற ரிமோட் ஆப்பைப் போடச் சொல்லி லேப்டாப்புக்குள் வந்ததும், "அம்மா, நீங்க எதையும் தொட வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறான். அப்புறம் விண்டோஸ் தன் பிழைகளைப் பதிவுசெய்யும் Event Viewer-ஐத் திறந்து வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டி, "இத்தனையும் வைரஸ்மா, பேங்க் அக்கவுண்டுக்கே ஆபத்து" என்றிருக்கிறான். அத்தை பயந்துவிட்டார். நன்றாக ஓடும் விண்டோஸிலும் அந்தச் சிவப்புக் குறிகள் இருக்கும். ஏதோ ஒரு சர்வீஸ் நேரத்துக்குத் தொடங்கவில்லை என்றாலே ஒரு பிழை பதிவாகும். அதைக் காட்டித்தான் மூன்று வருட ஆன்டிவைரஸும் "டீப் க்ளீனிங்"கும் சேர்த்து 7,500 ரூபாய்.

லேப்டாப் முன்பைவிட மந்தமானதும் அத்தை என்னைக் கூப்பிட்டார். விண்டோஸின் ரிமோட் ஆப்பான Quick Assist வழியாகப் பார்த்தேன். எதையும் அழிக்குமுன், எதையும் நிறுவுமுன், முதலில் பார்க்க வேண்டியது Task Manager. Ctrl+Shift+Esc அழுத்தினால் வரும். ஆன் பண்ணியவுடன் பார்த்தால் எல்லாமே பிஸியாகத் தெரியும், பத்து நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். CPU பத்து சதவீதத்துக்குக் கீழே, Disk மட்டும் 100-இல் அசையாமல் நின்றது. Disk என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் இழுப்பவை மேலே வரும். மேலே இருந்தவை இரண்டு ஆன்டிவைரஸ்கள். ஒன்று ஏற்கெனவே இருந்தது, இன்னொன்று அவன் விற்றது. இரண்டும் ஒரே ஃபைல்களைப் போட்டிபோட்டு ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தன.

Performance பகுதியில் டிஸ்க்கின் வகை HDD என்று இருந்தது, மெமரி 4 ஜிபி. மெமரி போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் எழுதி எழுதிச் சமாளிக்கும். சுழலும் பழைய டிஸ்க் அதற்கு ஈடுகொடுக்காது. நோயே இதுதான், வைரஸ் இல்லை. அவன் போட்டதை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் Disk இறங்கி வந்தது. மீதி மந்தம், சுழலாத வேக டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டால்தான் போகும். அந்த 7,500 ரூபாயில் அதைப் போட்டு மிச்சமும் பிடித்திருக்கலாம்.

பணத்தைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறு. எனிடெஸ்க் தன்னிடம் வந்த இணைப்புகளை இந்த ஃபைலில் எழுதிவைக்கும்:

```
%ProgramData%\AnyDesk\connection_trace.txt
```

அத்தை அனுமதித்துச் சொடுக்கிய முதல் இணைப்பு User என்று இருந்தது. அன்று ராத்திரியே இன்னொரு இணைப்பு, அதில் Passwd என்று இருந்தது. யாரும் அனுமதிக்கத் தேவையில்லாமல் நுழைய, அவன் தனக்கென்று ஒரு பாஸ்வேர்ட் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

எதைத் திறந்தான் என்று பார்க்க வேண்டும். "அத்தை, கடைசியா திறந்த ஃபைல்களோட பேர் மட்டும் ஒரு லிஸ்ட்ல தெரியும், பாக்கட்டுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் இருப்பா" என்று வாட்ஸ்அப்பை மூடிவிட்டு, "இப்ப பாரு" என்றார். அந்த ஒரு நிமிடத்தை எந்த உறவினருக்கும் கொடுக்க வேண்டும். Win+R அழுத்தி shell:recent என்று அடித்தேன். அந்த ராத்திரி நேரத்தில் அத்தையின் ஆதார் ஸ்கேன், பாஸ்புக், மாமாவின் மருத்துவ ரிப்போர்ட். ஸ்லோ லேப்டாப்புக்கும் மாமாவின் ரிப்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆப்பில் புகார் செய்தால் "வேலை முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது" என்றார்கள். ராத்திரி இணைப்பைப் பற்றிக் கேட்டால், "டெக்னீஷியன் எங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர்" என்றார்கள். மூன்றாவது ஆள் "48 மணி நேரத்தில் அழைப்போம்" என்றார். அழைப்பு வரவில்லை, டிக்கெட்டை மூடிவிட்டார்கள். 7,500 ரூபாய்க்கு ரசீதுகூடத் தரவில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். Event Viewer-ஐக் காட்டிப் பயமுறுத்தினால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள். நீங்களே உறவினருக்குப் பார்த்தாலும், அவர் திரைமுன் இருக்கும்போது மட்டும் பாருங்கள், ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத் திறவுங்கள், படங்கள், மெயில், பிரவுசர் ஹிஸ்டரி பக்கமே போகாதீர்கள். பாஸ்வேர்டை அவரே அடிக்கட்டும், நீங்கள் அப்போது திரையைப் பார்க்க வேண்டாம். முடிந்ததும் ரிமோட் ஆப்பை அவர் கண்முன் நீக்குங்கள். ஏற்கெனவே யாரையாவது உள்ளே விட்டிருந்தால் இன்டர்நெட்டைத் துண்டித்து அந்த ஆப்பை நீக்குங்கள், பேங்க் பாஸ்வேர்டை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். நாங்கள் போட்டுவிட்டோம்.