பதினெட்டு மாதத்தில் டவுன் பேமென்ட்: எஃப்.டி.யா, ஆர்பிட்ரேஜ் ஃபண்டா?

பெங்களூருவில் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் 80 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட், கட்டி முடித்தது, என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை வருஷத்தில் பதிவு செய்ய வேண்டும். வங்கி முழுப் பணத்தையும் தராது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. ஆக 64 லட்சம் கடன், 16 லட்சம் நம் கைப்பணம். அதோடு முடியாது. முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கடனில் சேராது. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் கடைசியில் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 2 ஆக்கிவிட்டார்கள். எல்லாம் சேர்த்து ஏழரை சதவீதத்துக்குச் சற்று மேலே, அதாவது இன்னொரு 6 லட்சம். மொத்தம் 22 லட்சம்.

கணவனிடம் 12 லட்சம் சேமிப்பு இருக்கிறது. வருஷச் சம்பளம் 28 லட்சம். மனைவிக்கு 11 லட்சம் சம்பளம். அதிலிருந்து மாதம் 55,000 ஒதுக்க முடியும். வீட்டுச் செலவு அவன் தலையில். பதினெட்டு மாதத்தில் அவள் பக்கம் 9 லட்சத்து 90 ஆயிரம். அசலிலேயே கிட்டத்தட்ட இலக்கு வந்துவிடுகிறது. வட்டி வந்தால் வண்டிச் சத்தம், கொசுவலை, சமையலறை மேடை என்று ஏதாவது ஒன்றுக்கு ஆகும். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதி யோசனைகள் தானாகக் கழன்றுவிடும்.

முதலில் கழல்வது பங்குச் சந்தை. 2020 ஜனவரியில் நிஃப்டி 12,300-க்கு மேல் இருந்தது. மார்ச் 23 அன்று 7,610. அந்த 12 லட்சம் இண்டெக்ஸ் ஃபண்டில் இருந்திருந்தால் ஏழரை லட்சத்துக்கும் கீழே போயிருக்கும். பழைய இடத்துக்கு நவம்பரில் வந்தது, சரி. ஆனால் மே மாதம் பதிவு வைத்திருந்தவர் நவம்பர் வரை வீட்டுக்காரரை நிறுத்திவைக்க முடியுமா? அதிர்ஷ்டம் அடித்தால் கூடுதலாக ஒரு லட்சம், அடிக்காவிட்டால் வீடே கைநழுவும். இந்தப் பேரத்தில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம் சீட்டு. அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கமெல்லாம் நம்மவர்கள் நடத்தும் சீட்டுகள் இன்றும் உண்டு. "மாப்பிள்ளை, கடைசி வரைக்கும் எடுக்காம விடுங்க, தள்ளுபடியிலயே வட்டி வந்துடும்" என்று மாமனார் வீட்டிலிருந்து யாராவது சொல்வார்கள். கணக்கு தப்பில்லை. ஆனால் கடைசியில் எடுப்பவர்தான் மற்ற எல்லோருக்கும் கடன் கொடுத்தவர். நடுவில் யாராவது கட்டாமல் போனால் காத்திருக்க வேண்டியவரும் அவரே. பதிவு செய்யாத சீட்டு என்றால் போய்க் கேட்கவும் இடமில்லை. பதிவுத் தேதி குறித்த பணத்துக்கு இது ஆகாது.

இன்னொரு ஆசை, கூடுதல் வட்டி. பெரிய வங்கியை விட ஒன்றரை சதவீதம் அதிகம் என்று கூட்டுறவு வங்கியில் போடுவது. பசவனகுடியின் ஸ்ரீ குரு ராகவேந்திரா சஹகார வங்கி விஷயம் இந்த ஊரில் பலருக்கு இன்னும் ஆறவில்லை. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தடை போட்டபோது, ஒருவர் மொத்தம் 35,000 ரூபாய்தான் எடுக்க முடியும் என்று நின்றது. டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான், அசலும் வட்டியும் சேர்த்து. அதுவும் 2021-ல் சட்டம் மாறிய பிறகு, தடை போட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் தர வேண்டும் என்று ஆனது. 12 லட்சத்தைக் கொண்டுபோய்ப் போட்டவருக்கு 5 லட்சம் மூன்று மாதம் கழித்து. மீதி எப்போது என்று தெரியாது.

அதிக வருமானம் காட்டும் கடன் ஃபண்டுகளும் இதே ரகம். 2020 ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை ஒரேயடியாக மூடியது. பணம் பிறகு திரும்பி வரத் தொடங்கியது. ஆனால் முதல் தவணை கைக்கு வந்தது 2021 பிப்ரவரியில். பத்து மாதம் பூட்டு. நிரந்தரமாகத் தொலைவது ஒரு ஆபத்து, தேதிக்கு வராமல் போவது இன்னொன்று. குறுகிய காலப் பணத்துக்கு இரண்டாவதுதான் அதிகம் கடிக்கும்.

மிஞ்சுவது இரண்டே இரண்டு: நல்ல வங்கியின் ஃபிக்சட் டெபாசிட், ஆர்பிட்ரேஜ் ஃபண்ட்.

ஆர்பிட்ரேஜ் ஃபண்ட் என்ன செய்கிறது? ஒரு பங்கைச் சந்தையில் இன்றைய விலைக்கு வாங்குகிறது; அதே பங்கை அதே நேரத்தில், பின்னொரு தேதிக்கான ஒப்பந்தமான ஃபியூச்சர்ஸில் சற்று கூடுதல் விலைக்கு விற்றுவிடுகிறது. பங்கு ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பக்க லாபத்தை மறு பக்க நஷ்டம் சரிக்கட்டிவிடும். நடுவில் இருந்த விலை வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அதுதான் வருமானம். அது வட்டி விகிதத்தை ஒட்டியே போகும். ஆனால் யாரும் உத்தரவாதம் தரவில்லை. சந்தை பதறும் நாள்களில் அந்த வித்தியாசம் சுருங்கும், தலைகீழாகவும் போகும். சில நாள், சில வாரம் சிவப்பு தெரியும். அதைப் பார்த்து வெளியே ஓடினால் நஷ்டத்தை நாமே உறுதி செய்கிறோம்.

பிறகு எதற்கு இது? வரிக்காக. சட்டத்தின் கண்ணில் இது பங்கு ஃபண்ட். பன்னிரண்டு மாதம் தாண்டி விற்றால் வருஷத்துக்கு 1.25 லட்சம் வரையிலான நீண்ட கால லாபத்துக்கு வரியில்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம். எஃப்.டி. வட்டியோ சம்பளத்தோடு சேர்ந்துகொள்ளும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டுகளின் லாபமும் அப்படித்தான்.

இப்போது அவனுடைய 12 லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக இரண்டிலும் ஆறரை சதவீதம் என்று வைப்போம். எஃப்.டி.யில் பதினெட்டு மாதத்தில் சுமார் 1.22 லட்சம் வட்டி. 28 லட்சம் சம்பளக்காரர் 30 சதவீத ஸ்லாப், செஸ்ஸோடு 31.2. வரி 38,000 போக மிஞ்சுவது 84,000. ஆர்பிட்ரேஜில் லாபம் சுமார் 1.19 லட்சம். அது 1.25 லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த நிதியாண்டில் வேறு பங்கு, ஃபண்டு விற்று நீண்ட கால லாபம் எடுக்கவில்லை என்றால் வரி பூஜ்யம். வித்தியாசம் 35,000. ஆர்பிட்ரேஜ் வருஷத்துக்கு 4.6 சதவீதம் கொடுத்தாலே எஃப்.டி.க்குச் சமமாகிவிடும். அவனுக்கு ஆர்பிட்ரேஜ்தான், யோசிக்க வேண்டியதில்லை.

அவளுக்கு இதே பதில் கிடையாது. இங்கேதான் நிறையப் பேர் அலுவலக நண்பர் சொன்னதை அப்படியே பின்பற்றிச் சறுக்குவார்கள். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் ரிபேட் என்ற வரித் தள்ளுபடியால் வரி இல்லை. அவளுடைய 11 லட்சத்தோடு, மாதாமாதம் வங்கியில் போடும் ரெக்கரிங் டெபாசிட்டான ஆர்.டி.யின் வட்டி சேர்ந்தாலும் (55,000 வீதம் பதினெட்டு மாதத்துக்குச் சுமார் 50,000) 12 லட்சத்தைத் தாண்டாது. வட்டி முழுக்கக் கையில் நிற்கும். ஆர்பிட்ரேஜிலோ, மாதாமாதம் போடுவதால் கடைசி ஒரு வருஷத் தவணைகள் பன்னிரண்டு மாதத்தை எட்டியிருக்காது. அந்த லாபத்துக்கு 20 சதவீதம் வரி. அந்த வரிக்கு ரிபேட் பொருந்தாது. சம்பளத்துக்கு ஒரு பைசா வரி கட்டாதவர் இதற்கு மட்டும் கட்டுவார்! அவளுக்கு ஆர்.டி.யே போதும், வட்டியும் முன்கூட்டியே தெரியும்.

அப்படியானால் அவனுடைய 12 லட்சத்தையும் அவள் பெயரில் எஃப்.டி. போட்டால்? செல்லாது. கணவன் மனைவிக்குக் கொடுத்த பணத்தில் வரும் வட்டி, வரிக் கணக்கில் கணவனுக்கே திரும்பிவிடும். அவரவர் பணம் அவரவர் பெயரில். 12-லிருந்து 24 லட்சத்துக்குள் இருப்பவர்கள் தங்கள் ஸ்லாபைப் போட்டுப் பார்க்கலாம். 15 சதவீதம் என்றால் வித்தியாசம் பாதியாகும், அதற்காக மெனக்கெட வேண்டுமா என்பது அவரவர் விருப்பம்.

பதிவு முன்கூட்டியே வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். எஃப்.டி.யைப் பத்தாவது மாதம் உடைத்தால் ஒப்புக்கொண்ட ஆறரை கிடைக்காது. பத்து மாதத்துக்கு அந்த வங்கி அப்போது வைத்திருந்த விகிதம், அதில் அரை முதல் ஒரு சதவீதம் அபராதம் கழித்து. ஆறேகால் என்றால் கைக்கு ஐந்தேகால் அளவில். அதனால் எஃப்.டி. போடுபவர்கள் 12 லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் மூன்று நான்காகப் பிரித்துக்கொள்வது நல்லது. டோக்கன் பணத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். ஆர்பிட்ரேஜில் 15 முதல் 30 நாள் தாண்டிவிட்டால் பொதுவாக எக்ஸிட் லோட் என்ற வெளியேறும் கட்டணம் இல்லை. பத்தாவது மாதம் எடுத்தால் 20 சதவீத வரி விழும், அவ்வளவே. 30 சதவீத ஸ்லாபுக்கு அப்போதும் இது எஃப்.டி.யை விட மேல்.

பணம் ஒரே நாளில் போவதும் இல்லை. ஒப்பந்தத்தின்போது ஒரு பங்கு, கடன் தொகையை வங்கி விடுவிக்கும் முன் நம் பங்கின் மீதி, பதிவு நாளில் கட்டணம். வங்கிகள் பெரும்பாலும் நம் பங்கைக் கொடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் தங்கள் பங்கை விடுவிக்கும். ஆகவே 22 லட்சத்தையும் பதிவு நாளுக்கு என்று கட்டி வைக்கக் கூடாது.

நான் செய்வதானால், பதினைந்தாவது மாதம் ஆர்பிட்ரேஜ் முழுவதையும் விற்றுவிடுவேன். அதற்குள் பன்னிரண்டு மாதம் தாண்டியிருக்கும். கடைசி மூன்று மாதத்து வருமானத்தைத் துரத்துவதில் பயனில்லை. லாபம் பெரிதாக இருந்தால் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்து விற்கலாம்; 1.25 லட்சம் வரம்பு இரண்டு முறை கிடைக்கும். விற்ற பணத்தை இரண்டரை சதவீத சேவிங்ஸ் கணக்கில் படுக்கவிடாமல் லிக்விட் ஃபண்டில் வைக்கலாம். அது 91 நாளுக்குள் முதிரும் பத்திரங்களில் மட்டுமே போடும். ஒரு வாரம் தாண்டினால் எக்ஸிட் லோட் இல்லை. இன்று விற்றால் அடுத்த வேலை நாளில் கணக்குக்கு வரும். வீட்டை விற்பவர் வீட்டுப் பத்திரம் தேடிக்கொண்டிருந்து பதிவு ஒரு மாதம் தள்ளிப்போனாலும் எதையும் புதுப்பிக்க வேண்டியதில்லை. தசரா, தீபாவளி வாரத்தில் பதிவு என்றால் மட்டும் நான்கைந்து நாள் முன்பே விற்றுவிடுங்கள், ஆர்.டி.ஜி.எஸ். விடுமுறையிலும் ஓடும், ஃபண்ட் ஓடாது.