வாக்கியங்களைக் கலைத்துப் போட்டுக் கேட்பது: எந்த வடிவம், எந்த மதிப்பெண் முறை?

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ஒருமுறை ஐந்து வாக்கியங்களைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தேன். விடைத்தாள் கொடுத்த அன்று ஒரு மாணவி எழுந்து, "சார், நான் எழுதுன வரிசையிலயும் படிச்சுப் பாருங்க" என்றாள். படித்தேன். என் விடையைவிட அவளுடையது நன்றாகவே ஓடியது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. மார்க்கைத் திருத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்துதான் இந்தக் கேள்வியை எப்படியெல்லாம் கேட்கலாம், எப்படியெல்லாம் திருத்தலாம் என்று பார்க்கத் தொடங்கினேன்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். வாசிக்க வசதியாகச் சரியான வரிசையிலேயே தருகிறேன். கேள்வித்தாளில் எழுத்துகள் கலைந்திருக்கும்.

அ. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறுகளை நம்பியிருந்த ஊர்களில் ஏரி வெட்டி நீரைத் தேக்கினார்கள்.
ஆ. அப்படித் தேங்கிய நீரை வயலுக்கு விட மதகு வைத்தார்கள்.
இ. மழை மிகுந்த ஆண்டில் மதகு மட்டும் போதாது, கரை உடைந்துவிடும்.
ஈ. அதைத் தடுக்கத்தான் கலிங்கு என்ற வழிந்தோடியைக் கட்டினார்கள்.
உ. கலிங்கு வழியாக வெளியேறும் நீர் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும்.

முதல் வடிவம், நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. திருத்துவது சுலபம், ஆனால் விடைகளே துப்புக் கொடுத்துவிடும். இந்தப் பத்திக்கு உஅஆஇஈ, அஆஇஈஉ, அஇஆஈஉ, அஈஇஆஉ என்று கொடுத்தால் என்ன ஆகும்? 'அ'தான் தொடக்கம் என்று தெரிந்தவுடன் முதலாவது கழியும். மதகு வைத்த பிறகுதான் 'மதகு மட்டும் போதாது' என்று சொல்ல முடியும் என்பது புரிந்தால் கடைசி இரண்டும் கழியும். 'ஈ' வாக்கியத்தைப் படிக்காமலே முழு மதிப்பெண். மாணவர் வாக்கியங்களை இணைக்கும் ஒரே ஒரு கண்ணியைத்தான் பிடித்தார், நாம் பத்தி முழுவதும் புரிந்ததாக எழுதிவைக்கிறோம். ஐ.ஐ.எம். நுழைவுக்கான கேட் தேர்வில் 2015-இல் விடைத் தெரிவுகள் இல்லாத கேள்விகள் வந்தபோது, இந்த வகைக் கேள்விகளிலும் வரிசையைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். கழித்துக் கட்டி விடை காணும் வித்தை அங்கே செல்லாது.

இரண்டாவது வடிவம், முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் கொடுத்துவிட்டு நடுவில் உள்ளவற்றை மட்டும் அடுக்கச் சொல்வது. யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வின் ஆங்கிலத் தாளைப் புரட்டியவர்களுக்கு இது தெரியும்: இரு முனையும் கட்டியிருக்கும், நடுவில் நான்கு வாக்கியங்கள் கலைந்திருக்கும். "இப்படியும் தொடங்கலாமே" என்ற தகராறு இதில் வராது. ஆனால் பத்தியைத் தொடங்கும் வாக்கியத்தை அடையாளம் காண்கிறாரா என்பதை இதில் சோதிக்க முடியாது. கட்டுரையைப் "இதனால்" என்று தொடங்கும் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் எனக்கு அதுதான் முக்கியம்.

மூன்றாவது, எதையும் கொடுக்காமல் முழு வரிசையையும் எழுதச் சொல்வது. ஐந்து வாக்கியங்களை 120 விதமாக அடுக்கலாம், குருட்டாம்போக்கில் முழுதும் சரியாக வருவது அபூர்வம். வகுப்புத் தேர்வுக்கு நான் எடுப்பது இதைத்தான். ஆனால் இதில் அடுத்த சிக்கல் உடனே வரும்: பாதி சரியாக எழுதியவருக்கு என்ன கொடுப்பது?

பெரும்பாலோர் இடத்தைப் பார்த்து மார்க் போடுகிறோம். முதல் இடத்தில் சரியான எழுத்து இருந்தால் ஒன்று, இரண்டாம் இடத்தில் இருந்தால் ஒன்று என்று. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போட்டேன். இரண்டு விடைகளை வைத்துப் பாருங்கள். ஒருவர் உஅஆஇஈ என்று எழுதுகிறார். கடைசி வாக்கியத்தை முன்னால் போட்டுவிட்டார், மற்ற நான்கும் சங்கிலிபோல் சரியாக இருக்கின்றன. ஆனால் எல்லா எழுத்தும் ஓர் இடம் தள்ளிப்போனதால் இடக்கணக்கில் அவருக்குப் பூஜ்யம். இன்னொருவர் அஇஆஈஉ என்று எழுதுகிறார். இதைப் படித்தால் மதகு வருவதற்கு முன்பே 'மதகு மட்டும் போதாது' வருகிறது, கரை உடைந்த பிறகு மதகு வைக்கிறார்கள், பிறகு 'அதைத் தடுக்க' என்றால் எதை என்று தெரியவில்லை. அவருக்கு ஐந்துக்கு மூன்று! முழுதும் சரியாக இருந்தால்தான் மார்க் என்ற முறையிலோ இருவருக்கும் ஒரே பூஜ்யம்.

பி.டி.இ. அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே பார்ப்பது அடுத்தடுத்து நிற்கும் ஜோடிகளை. நம் பத்தியில் அஆ, ஆஇ, இஈ, ஈஉ என நான்கு ஜோடிகள். முதலாமவரிடம் மூன்று ஜோடிகள் அப்படியே இருக்கின்றன. இரண்டாமவரிடம் ஈஉ மட்டும்தான். எது எதற்குப் பின் வரும் என்பதுதானே கேள்வி, அதற்கு ஜோடிக்கணக்குத்தான் பொருத்தம். நான் இதோடு சரியான தொடக்கத்துக்கு ஒரு மார்க் சேர்த்து ஐந்தாக்கிக்கொள்கிறேன். அப்போது முதலாமவருக்கு மூன்று, இரண்டாமவருக்கு இரண்டு. இதிலும் ஒரு குறை உண்டு. நடுவில் இரண்டு வாக்கியங்கள் மட்டும் இடம் மாறி அஆஈஇஉ என்று வந்தால் மூன்று ஜோடிகள் ஒரேயடியாக உடையும், தொடக்க மார்க்கோடு இரண்டுதான் கிடைக்கும். கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் இடக்கணக்கின் அநியாயத்துக்கு இது தேவலை. திருத்தும்போது நான்கு ஜோடிகளையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நேரமும் அதிகம் ஆகாது.

எந்த வடிவத்தை எடுத்தாலும் பத்தி சரியில்லை என்றால் எல்லாம் வீண். மேலே உள்ள பத்தியில் "ஏரியில் மீனும் வளர்த்தார்கள்" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துப் பாருங்கள். 'அ'வுக்குப் பின்னும் போகும், கடைசியிலும் போகும். மிதக்கும் வாக்கியம் அது. அந்த மாணவியிடம் நான் மாட்டிக்கொண்டது இப்படி ஒன்றால்தான். இப்போதெல்லாம் கலைத்த தாளை இரண்டு சக ஆசிரியர்களிடம் விடை சொல்லாமல் கொடுக்கிறேன். இருவர் வரிசையும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பத்தி குப்பைக்கூடைக்கு.

தமிழில் இந்தக் கண்ணிகளை அமைப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பொருள் முதல்முறை வருகிறதா, ஏற்கெனவே சொன்னதா என்பதைப் பெரும்பாலும் பெயருக்கு முன் நிற்கும் சிறுசொல்லே சொல்லிவிடும். நமக்கு அது இல்லை. 'கலிங்கு என்ற' என்பதில் உள்ள 'என்ற'தான் இங்கே முதல் அறிமுகம். அதை எடுத்துவிட்டால் ஈ, உ இரண்டில் எது முதலில் என்பதற்கு 'அதை' ஒன்றே ஆதாரம். எழுவாயும் பல வாக்கியங்களில் இருக்காது. மேலே தேக்கினார்கள், வைத்தார்கள், கட்டினார்கள் என்று வருகிறது, யார் என்று எங்கும் இல்லை. ஆகவே 'மட்டும்', 'தான்', 'அப்படி' போன்றவைதான் பாரம் சுமக்கின்றன. அதற்காக எல்லா வாக்கியத்தையும் 'அதனால்', 'பின்னர்' என்று தொடங்கினால் பிள்ளைகள் பொருளைப் படிக்காமல் அந்தச் சொற்களை மட்டும் பொருத்திவிடுவார்கள்.

சாம்பார் வைப்பது, விதை முளைப்பது போன்ற செய்முறைப் பத்திகளையும் நான் தவிர்க்கிறேன். பருப்பை வேகவைத்த பிறகுதான் தாளிப்பு என்பது தமிழ் வகுப்பில் கற்ற விஷயம் இல்லை. பாடநூல் பத்தியை அப்படியே எடுத்தால் நினைவாற்றல் தேர்வாகிவிடும்.

சிறு வகுப்பாக இருந்தால் இன்னொன்றும் கேட்பேன்: 'ஈ' வாக்கியத்தில் எந்தச் சொல்லை வைத்து அதன் இடத்தை முடிவு செய்தாய்? 'அதை' என்று எழுதி, கரை உடைவதைக் குறிக்கிறது என்று சேர்த்தால் இரண்டு மார்க். வரிசை தப்பியவர்களும் இதைச் சரியாக எழுதியிருக்கிறார்கள், வரிசை சரியாக வந்தவர்களில் சிலர் இந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இதைத் திருத்த ஒரு மாலை முழுக்கப் போய்விடுகிறது, அதனால் பருவத்துக்கு ஒருமுறைதான் வைக்கிறேன்.